குடித்த பின் ஓயாத வாந்தி, கடைசியில் ரத்தம்: உணவுக்குழாய் கிழிந்தால் எப்போது ஓட வேண்டும்?

இளவேனில்_க (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு 36 வயது. அவர் நாள்தோறும் குடிப்பவர் அல்லர். ஆனால் குடிக்கும் நாளில் அளவு பார்க்க மாட்டார். அண்மையில் ஓர் இரவு, ஏறத்தாழ வெறும் வயிற்றில் 375 மில்லி விஸ்கியை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நள்ளிரவில் வாந்தி தொடங்கியது. முதலில் குடித்ததும் கொஞ்சம் உணவும் வந்தன; பிறகு மஞ்சள் நீர் வந்தது; அதன் பின் எதுவுமே வராமல், வயிறு மட்டும் சுருண்டு சுருண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தார். அதற்கும் பிறகுதான் சிவப்பு ரத்தம் இருமுறை வந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு இருக்கும்.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். காலையில் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உட்சவ்வு நீளவாக்கில் 2 சென்டிமீட்டர் கிழிந்திருப்பதாகவும், ரத்தக்கசிவு தானாகவே நின்றுவிட்டதாகவும் சொன்னார்கள். ஒரு நாள் வைத்திருந்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவர், "தானாக நின்றுபோகும் ரத்தத்துக்கு இவ்வளவு ஓட்டமா, அடுத்த முறை நான் எங்கும் வரமாட்டேன்" என்கிறார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. குடித்தால் ஏன் இப்படி வாந்தி வருகிறது, ரத்தம் ஏன் முதலில் வராமல் கடைசியில் வந்தது, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாரல்மழை

இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை நண்பரே. சாராயம் இரைப்பையின் சவ்வை எரிக்கிறது. வெறும் வயிறாக இருந்தால் இன்னும் அதிகமாக எரிக்கிறது. எரிச்சல் தாங்காமல் வயிறு அதை வெளியே தள்ளுகிறது. நஞ்சு வெளியேறுவது நல்லதுதானே. நான் இளைஞனாக இருந்த காலத்தில், யாராவது அளவுக்கு மீறிக் குடித்துவிட்டால் தொண்டையில் விரலை விட்டு முழுவதையும் கக்க வைத்துவிடுவோம். காலையில் தெளிந்து எழுந்துவிடுவார்கள். உங்கள் அண்ணன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்திருந்தால் இது நடந்தே இருக்காது. ரத்தம் வந்தது தொண்டை புண்ணானதால்தான் இருக்கும்.

குடலியல்_மருத்துவர்

இளவேனில், உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஆனாலும் முதல் கேள்வியிலிருந்து வந்தால்தான் அதற்கான விடை புரியும்.

சாரல்மழை சொல்வதில் பாதி சரி. கடுமையான மது இரைப்பைச் சவ்வை நேரடியாக உறுத்துகிறது என்பதும், வெறும் வயிற்றில் அது விரைவாக ரத்தத்தில் ஏறுகிறது என்பதும் உண்மை. இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாயிலையும் செறிவான மது தாமதப்படுத்துவதால், உள்ளே போனது அங்கேயே தேங்கி நிற்கிறது. ஆனால் நள்ளிரவில் வந்த வாந்திக்கு இது மட்டும் காரணம் ஆகாது. மூளையின் அடிப்பகுதியில் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சை உணர்வதற்கென்றே ஒரு சிறு பகுதி இருக்கிறது. மூளையின் மற்ற பகுதிகளுக்கு உள்ள காப்பு அதற்கு இல்லாததால், ரத்தத்தில் இருப்பது எதுவானாலும் அதை நேரே எட்டிவிடும். மதுவின் அளவு ஏறும்போதும், கல்லீரல் மதுவை உடைக்கையில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு தேங்கும்போதும், அந்தப் பகுதி வாந்திக்கு ஆணையிடுகிறது. படுத்தவுடன் அறையே சுழல்வதுபோல் தோன்றுவது உட்காதில் உள்ள சமநிலை உறுப்பை மது குழப்புவதால்; அதுவும் குமட்டலைக் கூட்டும்.

அதனால்தான் வயிறு காலியான பிறகும் ஓங்கரிப்பு நிற்பதில்லை. உங்கள் அண்ணன் குடித்தது 40 விழுக்காட்டு மது என்று வைத்துக்கொண்டால், 375 மில்லியில் தூய சாராயம் 150 மில்லி, எடையில் ஏறத்தாழ 118 கிராம். பெரும்பாலோரின் உடல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் அகற்றும். ஆக முழுவதும் அகல 12 முதல் 17 மணி நேரம் ஆகும். வெறும் வயிற்றில் குடித்ததால் அதில் பெரும்பகுதி நள்ளிரவுக்கு முன்பே ரத்தத்தில் சேர்ந்திருக்கும். விரலை விட்டுக் கக்க வைத்தாலும் ரத்தத்தில் இருப்பது ஒரு சொட்டுக்கூடத் திரும்பி வராது. கிழிசலுக்கான வாய்ப்புதான் கூடும்.

இப்போது கிழிசலுக்கு வருகிறேன். வாந்தி எடுப்பதைவிட, எதுவும் வராமல் ஓங்கரிப்பதுதான் அந்த இடத்தைக் கூடுதலாக வதைக்கிறது. ஓங்கரிக்கும்போது மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்கிறது. வயிற்றுத் தசைகளும் உதரவிதானமும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது, நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் வளையம். இரைப்பையின் மேற்பகுதி ஒவ்வொரு முறையும் நெஞ்சை நோக்கி உந்தப்பட்டு, அங்குள்ள உட்சவ்வு குறுக்குவாட்டில் இழுபட்டு, கடைசியில் நீளவாக்கில் கிழிகிறது. பல முறை இழுபட்ட பிறகே பெரும்பாலும் கிழிவதால்தான் ரத்தம் பிந்தி வருகிறது. முதல் ஓங்கரிப்பிலேயே கிழிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வரிசையை விதியாகக் கொள்ள வேண்டாம்.

இதை முதன்முதலில் தெளிவாக எழுதியவர்கள் பாஸ்டன் நகர மருத்துவமனையைச் சேர்ந்த மாலரி, வைஸ் என்னும் இரு மருத்துவர்கள். 1929இல் அவர்கள் விவரித்த 15 பேரும் மிகுதியாகக் குடித்து, ஓங்கரித்து, பின்னர் ரத்த வாந்தி எடுத்தவர்கள். இன்றும் இந்தக் கிழிசல் அவ்விருவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

தானாக நின்றுவிடும் என்று உங்கள் அண்ணன் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். பத்துப் பேரில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு அப்படியே நிற்கும். சவ்வு இரண்டு மூன்று நாட்களில் ஆறத் தொடங்கிவிடும். மற்றவர்களுக்கு நிற்காது; அவர்களுக்கு எண்டோஸ்கோப்பி வழியாகக் கிளிப் பொருத்தியோ மருந்து செலுத்தியோ ரத்தக்குழாயை அடைக்க வேண்டியிருக்கும். தாம் எந்தப் பக்கம் என்பது நள்ளிரவில் வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதைவிடப் பெரிய சிக்கல், ரத்த வாந்தி என்று வந்தால் அது இந்தக் கிழிசல்தானா என்பதே எண்டோஸ்கோப்பி செய்யும் வரை எங்களுக்கும் உறுதியாகத் தெரியாது என்பதுதான்.

அகல்விளக்கு

ஐயா, எனக்கும் உணவுக்குழாய் நெடுநாளாக எரிகிறது. காரம் சாப்பிட்டால் புளித்த ஏப்பம் வருகிறது. படுத்தால் தொண்டை வரை ஏறுகிறது. நான் குடிப்பதே இல்லை. எனக்கும் கிழிந்திருக்குமா? நானும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டுமா?

குடலியல்_மருத்துவர்

அகல்விளக்கு, நீங்கள் சொல்வது அமிலம் மேலேறுவதால் வரும் எரிச்சல். இந்த இழையில் பேசுவது ஓங்கரிப்பின் விசையால் ஒரே நேரத்தில் நிகழும் கிழிசல். உங்களுக்கு விழுங்குவதில் தடை, காரணமில்லாமல் எடை குறைதல், கரிய மலம் ஆகியவை இருந்தால் விரைவில் ஒருவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் தனி இழையில் கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

பழைய_சுமையூர்தி

மருத்துவர் ஐயா ரத்தத்தைப் பற்றியே எழுதியிருப்பதால் என் நிலையையும் இங்கே பதிவு செய்கிறேன். எனக்கு ஒரு துளி ரத்தம்கூட வரவில்லை; ஆனாலும் செத்துப் பிழைத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நிறையச் சாப்பிட்டுவிட்டு நிறையவும் குடித்திருந்தேன். (சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று மேலே எழுதியவர் இதைக் கவனிக்க வேண்டும்.) வாந்தி பெரிதாக வரும்போல் இருந்தது; இடம் சரியில்லாததால் அடக்கப் பார்த்தேன். அடக்கமுடியாமல் வந்தபோது நெஞ்சின் கீழ்ப்பகுதியில் ஏதோ பிய்ந்ததுபோல் வலி எடுத்தது. அந்த வலி இடப்பக்கமாக முதுகுக்கும் தோளுக்கும் ஏறியது. மூச்சை இழுத்தால் குத்தியது, தண்ணீர் குடித்தால் இன்னும் கூடியது. மாரடைப்பு என்று எண்ணி அருகில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனேன். இதயத் துடிப்பு வரைபடம் எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது, குடித்ததால் வந்த வாயுத்தொல்லை என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வாந்தி எடுத்தபோது வலி தொடங்கியது என்பதை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மாலைக்குள் காய்ச்சல் வந்தது. கழுத்து வீங்கியது, தோலைத் தொட்டால் உள்ளே நொறுநொறுவென்று ஒலித்தது. வேறொரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உணவுக்குழாய் முழுத்தடிமனும் கிழிந்து, சாப்பிட்டது நெஞ்சுக்கூட்டுக்குள் கொட்டியிருக்கிறது என்று சொல்லி அன்றிரவே அறுவை செய்தார்கள். பிறகு நெஞ்சில் குழாய்களோடும், வயிற்றில் உணவு செலுத்தும் குழாயோடும் வாரக்கணக்கில் கிடந்தேன்.

குடலியல்_மருத்துவர்

பழைய_சுமையூர்தி அவர்களே, நீங்கள் எழுதியது இந்த இழையிலேயே மிக முக்கியமான பதிவு. ரத்தம் எவ்வளவு வந்தது என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். இந்த வகையில் ரத்தம் பெரும்பாலும் வருவதே இல்லை, அல்லது மிகச் சிறிதளவே வரும்.

உணவுக்குழாய்ச் சுவரில் உட்சவ்வு, அதன் வெளியே தசை என்று அடுக்குகள் உண்டு. அண்ணனுக்குக் கிழிந்தது உட்சவ்வு மட்டும். அங்கே ரத்தக்குழாய்கள் நிறைய இருப்பதால் ரத்தம் வந்தது, ஆனால் சுவர் உடையவில்லை. உங்களுக்குச் சுவரே பிளந்துவிட்டது. அது வழக்கமாக உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் இடப்பக்கமாகப் பிளக்கும். அதனால்தான் உங்கள் வலி இடப்பக்கம் போனது. வயிறு நிறைந்திருக்கும்போது வாந்தியை அடக்குவதும் இதற்கு வழி செய்யும். உள்ளே அழுத்தம் ஏறுகிறது, மேலே வாசல் மூடியிருக்கிறது, எங்கே வலுக்குறைவோ அங்கே வெடிக்கிறது.

இது பழைய நோய். டச்சுக் கடற்படைத் தளபதி ஒருவர் பெருவிருந்து உண்ட பின் வாந்தி மருந்து குடித்து, ஓங்கரிக்கும்போது நெஞ்சில் ஏதோ கிழிந்ததாகக் கதறி, ஒரு நாளுக்குள் இறந்தார். லெய்டன் பல்கலைக்கழகத்தின் போர்ஹாவே அவருடைய உடலைத் திறந்து பார்த்தபோது, தின்றதும் குடித்ததும் நெஞ்சுக்கூட்டுக்குள் கிடந்தன. அவர் இதை 1724இல் நூலாக எழுதினார். அக்காலத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை. இன்று செய்ய முடியும். ஆனால் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அதைத் தாண்டினால் நெஞ்சுக்குள் சீழ் பிடித்து வாய்ப்பு வேகமாகக் குறையும்.

எனவே இதைப் படிப்பவர்கள் ஒரே ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்லப் பழகிக்கொண்டால் போதும்: "முதலில் வாந்தி எடுத்தேன், அப்போது நெஞ்சில் வலி தொடங்கியது." வாந்தி முதலில், வலி பின்னால் என்னும் வரிசைதான் எங்களைச் சரியான திசையில் திருப்பும். மாரடைப்பிலும் வாந்தி வரும், ஆனால் அங்கே வழக்கமாக வலி முந்திக்கொள்ளும். கழுத்துத் தோலுக்கடியில் காற்று நொறுநொறுப்பது உறுதியான அறிகுறி. ஆயினும் அது பிந்தி வரும், பலருக்கு வரவே வராது, ஆகவே அதற்காகக் காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் எடுக்கும் சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருப்பதாகக்கூடத் தோன்றலாம். போகும் வழியில் தண்ணீர், மோர், மாத்திரை என்று எதையும் விழுங்கக் கூடாது. விழுங்குவதெல்லாம் கிழிசல் வழியாக நெஞ்சுக்குள் போகும்.

சாரல்மழை

மருத்துவர் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் குடித்து வாந்தி எடுக்கும் ஒவ்வொருவரும், எச்சிலில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தவுடன் அவசரப் பிரிவுக்கு ஓடினால் அங்கே மற்ற நோயாளிகளுக்கு இடம் இருக்குமா? பத்தில் ஒன்பது தானாக நிற்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். நடைமுறையில் ஓர் எல்லை வேண்டாமா?

இரவுப்பணி_செவிலி

அவசரப் பிரிவில் நெடுநாள் இரவுப்பணி பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வந்துவிட்டு வீண் என்று திரும்பியவர்களால் எங்களுக்குத் தொல்லை இல்லை. வராமல் இருந்து, விடியற்காலையில் வெளிறிப்போய்த் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களால்தான் தொல்லை.

எல்லை வேண்டும் என்றால் நான் பார்ப்பது வாந்தியின் நிறத்தைவிட ஆளின் நிலையைத்தான். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, நாடி படபடவென்று ஓடுகிறதா, தோல் குளிர்ந்து வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பேன். இளம் வயதினரின் உடல் ரத்தம் குறைந்தாலும் அழுத்தத்தை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கும். நாடிதான் முதலில் காட்டிக் கொடுக்கும். வாந்தியில் வருவது மட்டுமே ரத்தம் அன்று. கீழே இறங்கிய ரத்தம் மறுநாள் தார்போன்ற கரிய, ஒட்டும், நாற்றமுள்ள மலமாக வரும். இரைப்பையில் சற்று நேரம் கிடந்த ரத்தம் காப்பித் தூள் கரைசல்போல் வாந்தியாக வரும். அதையும் ரத்தமாகவே கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவருக்கு மலம் கறுப்பது அந்த மாத்திரையாலும் இருக்கலாம். அதை மட்டும் கேட்டுக்கொள்வேன்.

விரலை விட்டுக் கக்க வைப்பதைப் பற்றி மருத்துவர் ஒரு பாதியைச் சொன்னார், இன்னொரு பாதி இருக்கிறது. அரைமயக்கத்தில் இருப்பவரைக் கக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும். குடித்து உறங்குபவரை மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேற்காலை மடித்து, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு செய்து, ஒருவர் கூடவே இருங்கள். கூப்பிட்டாலும் கிள்ளினாலும் விழிக்கவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, அல்லது மூச்சுகளுக்கு இடையே பத்து வினாடிக்கு மேல் இடைவெளி என்றால், வாந்தியே இல்லாவிட்டாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். குடிப்பதை நிறுத்திய பின்னும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

குடலியல்_மருத்துவர்

செவிலி அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஒரு சிறு வேறுபாடு மட்டும். இதுவரை நோய் எதுவும் இல்லாத இளைஞர், நீண்ட ஓங்கரிப்புக்குப் பின் எச்சிலில் ஒருமுறை மட்டும் கோடுபோல் ரத்தம், பிறகு வாந்தியும் நின்றுவிட்டது, வலி இல்லை, எழுந்து நடக்கிறார் என்றால், கூட ஆள் இருக்கும் நிலையில் காலையில் வந்து காட்டினால் போதும் என்பது என் எண்ணம். என்னுடன் பணிபுரியும் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ரத்தம் என்றால் ரத்தம்தான் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் நெடுநாள் குடிப்பவருக்கு இந்தச் சலுகையே கிடையாது. கல்லீரல் சுருங்கியிருந்தால், உணவுக்குழாயின் அடிப்பகுதியில் நாளங்கள் புடைத்துக்கொண்டிருக்கும். அவை வெடிப்பதற்கு ஓங்கரிப்புகூடத் தேவையில்லை, வலியும் இருக்காது, முதல் வாந்தியே கட்டிகட்டியாக ரத்தமாக இருக்கும். கண் மஞ்சளாக இருப்பது, வயிறு நீர் கோத்துப் பெருத்திருப்பது, முன்பே கல்லீரல் நோய் என்று சொல்லியிருப்பது, இவற்றில் ஏதேனும் இருந்தால் கோடளவு ரத்தத்துக்கும் உடனே வர வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

மீனாட்சி_த

ரத்தம் இல்லாத வாந்தியைப் பற்றிக் கேட்கலாமா? என் கணவருக்கு 45 வயது. ஒரு வாரமாக நாள்தோறும் குடித்தார். உணவு ஏறத்தாழ எடுக்கவே இல்லை. வயிற்றுவலியும் வாந்தியும் வந்ததால் முந்தாநாள் தாமாகவே நிறுத்திவிட்டார். ஆனால் வாந்தி நிற்கவில்லை. இப்போது எதுவும் வராமல் ஓங்கரிக்கிறார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் தங்குவதில்லை. தெளிவாகப் பேசுகிறார், குடி வாடையும் இல்லை. ஆனால் ஓடி வந்தவர்போல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குகிறார். எங்கள் வீட்டுக் கருவியில் சர்க்கரை பார்த்தேன், 82 காட்டியது. என் மாமியார் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். காத்திருக்கலாமா?

இரவுப்பணி_செவிலி

அம்மா, காத்திருக்க வேண்டாம். இந்தப் பதிலைப் படித்தவுடன் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் மூன்றைச் சொல்லுங்கள்: ஒரு வாரம் குடித்தார், சாப்பிடவில்லை, நிறுத்திய பிறகும் வாந்தி நிற்காமல் மூச்சு வாங்குகிறது. குடி வாடை இல்லாததால் யாராவது குடியைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிடலாம், நீங்களே சொல்லிவிடுங்கள்.

குடலியல்_மருத்துவர்

மீனாட்சி அம்மா கிளம்பியிருப்பார் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அவருடைய பதிவில் என்னைக் கவலைகொள்ள வைத்தது அந்த மூச்சு. ஒரு வாரம் உணவின்றிக் குடித்தவரின் கல்லீரலில் சேமித்த சர்க்கரை தீர்ந்திருக்கும். மதுவை உடைக்கும் வேலை, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதையும் தடுத்துவிடும். உடல் வேறு வழியின்றிக் கொழுப்பை எரிக்கிறது. அதில் கீட்டோன் எனப்படும் அமிலங்கள் ரத்தத்தில் குவிகின்றன. அமிலம் ஏற ஏற, அதைக் கரியமில வாயுவாக வெளியேற்ற நுரையீரல் வேகமாக உழைக்கிறது. மூச்சு வாங்குவது அதனால்தான். அந்த அமிலமே குமட்டலைத் தூண்டுகிறது. குமட்டலால் சாப்பிட முடிவதில்லை. சாப்பிடாததால் அமிலம் கூடுகிறது. இந்தச் சுழலை வீட்டில் உடைக்க முடியாது.

நீரிழிவு நோயாளிகளுக்கு வரும் கீட்டோன் நிலையைப் பலர் அறிவார்கள். அங்கே சர்க்கரை மிக உயர்ந்திருக்கும். இங்கே சர்க்கரை சரியாகவோ குறைவாகவோ இருக்கும். 82 என்ற எண்ணைப் பார்த்து அமைதி அடைந்துவிடுவதுதான் பொறி. சிறுநீரில் கீட்டோன் பட்டை வைத்துப் பார்த்தாலும், இந்நிலையில் மிகுதியாக இருக்கும் அமிலத்தை அந்தப் பட்டை காட்டாது. லேசாக நிறம் மாறியதைக் கண்டு ஏமாந்தவர்கள் உண்டு.

மருத்துவம் பெரும்பாலும் எளியது. சலைனும் குளுக்கோஸும் நாளத்தில் ஏற்றுவார்கள். குளுக்கோஸ் போகும் முன்போ கூடவோ தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியாகக் கொடுப்பார்கள். குடிப்பவர்களுக்கு அது வற்றியிருக்கும். பற்றாக்குறையை நிரப்பாவிட்டால் குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் என்று மூளை நிலையாகக் கெடலாம். பொட்டாசியத்தையும் பார்த்துச் சரிசெய்வார்கள். வயிற்றுவலி முதுகுக்குப் பாய்ந்தால் கணைய அழற்சி இருக்கிறதா என்று தேடுவார்கள். இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு.

பழைய_சுமையூர்தி

எத்தனை மணி நேரம் தண்ணீர் தங்காவிட்டால் கிளம்ப வேண்டும் என்று ஓர் எண் சொல்லுங்கள் ஐயா. எங்களைப்போன்றவர்களுக்கு எண் இருந்தால்தான் நினைவில் நிற்கும்.

குடலியல்_மருத்துவர்

எண் கேட்டால் 12 மணி நேரம் என்பேன். அதுவும் வேறு எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கு. மூச்சு வாங்குதல், கடும் வலி, குழப்பம், சிறுநீர் வற்றுதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் எண்ணுக்கு மதிப்பில்லை.

இரவுப்பணி_செவிலி

நான் அதில் பாதியைச் சொல்வேன். நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவருக்கு 12 மணி நேரம் மிக நீண்டது. மருத்துவருக்கும் எனக்கும் இதில் ஒத்துப்போகாது, இருக்கட்டும்.

மீனாட்சி_த

நேற்றே சேர்த்துவிட்டோம். ரத்தத்தில் அமிலம் மிகவும் ஏறியிருந்ததாகச் சொன்னார்கள். கணையம் நன்றாக இருக்கிறதாம். சலைன், குளுக்கோஸ், வைட்டமின் ஊசி எல்லாம் கொடுத்தார்கள். இன்று காலை மூச்சு சீராகிவிட்டது, கஞ்சி குடித்தார், தங்கியது. ஆனால் இன்று கை நடுங்குகிறது, வியர்க்கிறது, மீண்டும் லேசாகக் குமட்டுகிறது. அமிலம் திரும்பிவிட்டதா?

இரவுப்பணி_செவிலி

நல்ல செய்தி அம்மா. நடுக்கமும் வியர்வையும் குடியை நிறுத்தியதால் வருவதாக இருக்கலாம். அங்குள்ள செவிலியரிடம் இப்போதே சொல்லுங்கள். அவர்கள் மதிப்பெண் போட்டு மருந்தின் அளவை முடிவு செய்வார்கள். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை மனக்குழப்பம், இல்லாததைக் காணுதல் வரலாம். நன்றாகிவிட்டது என்று சொல்லி அவரே கையெழுத்துப் போட்டு வெளியே வர முயன்றால் விடாதீர்கள்.

இளவேனில்_க

இவ்வளவையும் அண்ணனைப் படிக்க வைத்தேன். சுமையூர்தி ஐயா எழுதியதைப் படித்த பின் பேச்சில்லை. கடைசியாக ஒன்று: அவருக்கு முதுகுவலி உண்டு, அவ்வப்போது ஐபுப்ரோஃபன் போட்டுக்கொள்வார். இப்போது போடலாமா? மறுபடியும் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டுமா?

குடலியல்_மருத்துவர்

ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் இப்போது வேண்டாம்; கிழிசல் ஆறும் முன் ரத்தக்கசிவைத் திரும்பத் தொடக்கிவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் மட்டும் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். பாராசிட்டமால் அளவோடு எடுக்கலாம், ஆனால் குடித்த நாளில் எடுக்கக் கூடாது. அமிலம் குறைக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்த நாள் வரை முடிக்கச் சொல்லுங்கள். 2 சென்டிமீட்டர் கிழிசல், கசிவு நின்றது, கல்லீரல் நன்றாக இருக்கிறது என்றால் மீண்டும் எண்டோஸ்கோப்பி பொதுவாகத் தேவைப்படாது. முதல் சில நாட்களில் மலம் கறுத்தாலோ, நின்றால் தலை சுற்றினாலோ அதே மருத்துவமனைக்குத் திரும்பக் கொண்டுசெல்லுங்கள். முன்பு எடுத்த அறிக்கையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிழிசல் எங்கே இருந்தது என்பது அதில் எழுதியிருக்கும்.